ஆயா எடுக்கச் சொன்ன வரி

எங்கள் தாத்தாவும் ஆயாவும் மணமுடித்து அறுபது ஆண்டுகள் நிறைவடைந்ததை முன்னிட்டு, பங்குக் கோயிலில் தங்கள் திருமண வாக்கைப் புதுப்பித்துக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை அன்றே இந்த விழா மலர் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். மூன்று வாரம் பிந்தி வருகிறது. அதற்காக அச்சகத்தாரைக் குறை சொல்லாதீர்கள். பேரப்பிள்ளைகள் ஏழு பேரின் சார்பில் வாழ்த்துச் செய்தி எழுதும் பொறுப்பை ஏற்றவள் மூத்த பேத்தியாகிய நான். எழுதியும் கொடுத்துவிட்டேன். பிறகு நானே அச்சகத்துக்கு ஓடிப்போய் அந்தப் பக்கத்தைத் திரும்ப வாங்கி வந்தேன். ஏன் என்று சொல்வதுதான் இந்தக் கட்டுரை. இருவரிடமும் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். தாத்தா உடனே சரி என்றார். ஆயா, "எழுதிக்கோ, ஆனா என்னிய ரொம்ப நல்லவளா எழுதாத, படிக்கிறவங்க சிரிப்பாங்க" என்றார்.

தாத்தா பிறந்தது வடக்குப்பட்டில், ஆயா பிறந்தது பிள்ளைப்பாக்கத்தில். இரண்டு குடும்பமும் தலைமுறை தலைமுறையாக ஞானஸ்நானம் பெற்ற விவசாயக் குடும்பங்கள். தாத்தாவுக்குப் பத்து வயதிலேயே அப்பா இல்லை. கிணறு வெட்டும் கூட்டத்தோடு போய், மண் தூக்கி, தங்கைகள் இருவரைக் கரையேற்றிய பிறகுதான் தமக்குப் பெண் பார்க்கச் சொன்னார். அந்தக் கிணற்று வேலையில் பாறை விழுந்து அவருடைய இடது காலில் இரண்டு விரல்கள் போய்விட்டன. இன்றும் சற்றுச் சாய்ந்துதான் நடப்பார். பெண் பார்க்கப் போனபோது அந்தக் காலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக அவருடைய தங்கைகள் கேலி செய்வார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் ஏரிப்பாசன நிலத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போட்டார்கள். நான்கு பிள்ளைகள். ஒன்று ஆறாம் மாதத்திலேயே காய்ச்சலில் போய்விட்டது. அந்தக் குழந்தையின் பெயரை ஆயா ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் மெழுகுவர்த்தி ஏற்றும்போது மட்டும் சொல்வார். பிறகு தொழிற்பூங்கா வந்தது, நிலம் போனது. மற்றவர்கள் என்ன செய்வது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, இவர்கள் இருவரும் ஒரகடம் கூட்டுரோட்டில் கீற்றுக் கொட்டகை போட்டு இட்லிக் கடை வைத்துவிட்டார்கள். காலை ஷிஃப்டுக்கு வண்டி பிடிக்கிற பையன்கள் நின்றுகொண்டே நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு ஓடுவார்கள். திருநெல்வேலி, ராமநாதபுரம், பீகார், ஒடிசா என்று எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் ஆயாவுக்கு 'தம்பி'தான். இப்போது கடை இல்லை. ஆனாலும் சூப்பர்வைசராகிவிட்ட பழைய பையன்கள் சிலர் வண்டியை நிறுத்தி, 'அம்மா நல்லா இருக்கீங்களா' என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களில் நாலைந்து பேர் விழாவுக்கும் வந்திருந்தார்கள்.

கடையில் ஆயாவின் குரலைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போகிற நேரத்திலும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர்க் குடத்தோடு நிற்கிற தாத்தாவுக்கு, "சட்னி தீர்ந்துபோச்சி, வெரசா வா!" என்பது தெளிவாகக் கேட்கும். நான் வேலை செய்கிற கம்பெனியில் இயந்திரம் கோளாறானால் லைன் ஓரத்தில் ஓர் அலாரம் அடிக்கும். முதல் நாள் அதைக் கேட்டபோது எனக்கு ஆயாவின் ஞாபகம்தான் வந்தது. அதைச் சொல்லி ஆயாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தாத்தா அதற்கு நேர்மாறு. பேச்சு குறைவு. ஆனால் அவரிடம் ஒரு விசித்திரமான பிடிவாதம் உண்டு. எதையும் ஆயாவிடம் கேட்காமல் செய்ய மாட்டார். ஆடு வாங்குவதா, பெண்ணைக் கட்டிக் கொடுப்பதா, பொங்கலுக்கு எந்தக் கலர் சட்டை, எல்லாவற்றுக்கும் "நீ இன்னா சொல்ற?" என்பார். ஆயா வேலை மும்முரத்தில் தலையை ஆட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டார். "தலய ஆட்னா எப்டி? வாயத் தொறந்து சொல்லு" என்று அங்கேயே நிற்பார். நிலத்தைக் கொடுக்கும் நாளில் பதிவு அலுவலகத்தில் அத்தனை பேர் காத்திருக்க, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஆயா வாயால் 'சரி' என்று சொல்லும்வரை கையெழுத்துப் போடவில்லையாம். பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். காது மந்தம், கண் மந்தம் என்று நாங்களும் எங்களுக்குத் தெரிந்த காரணங்களைச் சொல்லிச் சிரித்தோம்.

இனி விழா விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளிவிழா, பொன்விழா எதையும் இவர்கள் கொண்டாடவில்லை. வெள்ளிவிழா ஆண்டில் மழை இல்லை, பொன்விழா ஆண்டில் தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன். அதனால் அறுபதாவது ஆண்டையாவது விடக்கூடாது என்று அம்மா முடிவு செய்தார். அம்மாதான் அவர்களுடைய மூத்த பெண். பங்குத் தந்தையைப் போய்ப் பார்த்தோம். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு, இரண்டாம் பூசையில் வைத்துக்கொள்ளலாம் என்றார். கல்யாணத்தைப் போல மூன்று வாரம் கோயிலில் ஓலை கூறி அறிவிக்க வேண்டியதில்லை, புதிதாக ஏட்டில் பதிய வேண்டியதும் இல்லை. பழைய திருமணப் பதிவின் நகல் ஒன்று மட்டும் வேண்டும் என்று கேட்டார்.

அறுபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் கோயில் ஒரு கிளைக்கோயில். மாதத்துக்கு ஒருமுறை சாமியார் சைக்கிளில் வந்து பூசை வைப்பார். மற்ற நாட்களில் உபதேசியார்தான் செபம் சொல்வார். ஆகவே திருமண ஏடு தாய்ப்பங்கில் இருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் வேலை செய்கிற என் தம்பி நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு என்னை பைக்கில் அங்கே அழைத்துப்போனான். அலுவலகத்தில் இருந்தவர் பழுப்பேறிய பெரிய ஏட்டைப் புரட்டி எடுத்துக் காட்டினார். மூன்று ஓலைகளும் கூறப்பட்டன, தடை ஏதும் இல்லை என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. இரண்டு சாட்சிகள், கோணல்மாணலாகத் தாத்தாவின் கையெழுத்து, அதன் பக்கத்தில் ஊதா நிறம் மங்கிப்போன ஒரு கட்டைவிரல் ரேகை. அது பதினெட்டு வயது ஆயாவின் விரல். தம்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த நெகிழ்ச்சியோடு அன்றே உட்கார்ந்து செய்தியை எழுதினேன். அதில் ஒரு வரி: 'அன்று பீடத்தின் முன் நின்று நீங்கள் இருவரும் வாய்திறந்து சொன்ன வாக்குதான், இன்று எங்கள் குடும்பமாக நிற்கிறது.' எனக்கு அந்த வரி மிகவும் பிடித்திருந்தது. அச்சகத்தில் கொடுத்துவிட்டு, அடுத்த ஞாயிறு மதியம் ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். தாத்தா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். ஆயா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அந்த வரி வந்ததும் கை நின்றுவிட்டது.

"அந்த வரிய எடுத்துடு."

"ஏன் ஆயா? அதான் நல்லா கீது."

"நல்லா கீதுன்னா? பொய்யி அது. நான் சொல்லல."

வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு ஆயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் முழுவதும் உபதேசியார் வீட்டில் பாடம். சாமியார் கேள்வி கேட்பார், 'சம்மதம்' என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையை ஆயா நூறு தடவை சொல்லிப் பழகினாராம். நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவதற்காகக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கோயில் நிறைய ஆட்கள். ஆம்பிளைகள் முன்னால் வாயைத் திறந்தாலே அதட்டுகிற வீடு ஆயாவுடையது. சாமியார் தாத்தாவிடம் கேட்டார், அவர் சொன்னார். ஆயாவிடம் கேட்டார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சாமியார் மறுபடி கேட்டார். அப்போது முக்காட்டுக்குப் பின்னால் தோழியாக நின்ற ஆயாவின் அக்கா, எங்கள் பெரியாயா, குனிந்து, "சம்மதம் சாமி" என்று சொல்லிவிட்டார். சாமியாருக்கு வயது எழுபதுக்கு மேல், காதும் மந்தம். அவர் அடுத்த செபத்துக்குப் போய்விட்டார். தாலியை மந்திரித்துக் கொடுத்தார், தாத்தா கட்டினார்.

"எங்கக்கா நல்லதுக்குத்தான் சொல்லிச்சி. மானம் போவக் கூடாதுன்னு. அது செத்தும் போச்சி. இப்போ எனக்கும் அதுக்கும் மட்டும் தெரிஞ்ச விசயம் எனக்கு மட்டும் தெரிஞ்சதா ஆயிடுச்சி."

"சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல கூடச் சொன்னதில்லையா ஆயா?"

"எப்டிடீ சொல்றது? நீ அவரு பொண்டாட்டியே இல்ல, உங்கப்பன் வூட்டுக்குப் போன்னு சாமியாரு சொல்லிட்டாருன்னா? மொதல்ல அந்த பயம். அப்பால உங்கம்மா பொறந்துட்டா. அப்பால இன்னாத்த சொல்றது? ஒவ்வொரு வாட்டி நன்மை வாங்கும்போதும் கைகால் உதறும்."

அறுபது ஆண்டுகள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கிற அந்தக் குரலுக்கு உள்ளே இப்படி ஒரு பயம் இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆயா என் முகத்தைப் பார்க்காமல் முடிவாகச் சொன்னார்.

"சொல்லாதத இன்னான்னு புதுப்பிக்கிறது? ஆண்டவரு முன்னாடி ரெண்டாவது வாட்டி பொய்யா நிக்க மாட்டேன். நான் கோயிலுக்கு வரல. காரணத்த அவுருகிட்ட சொல்லிடாத. மனசு ஒடஞ்சிடும்."

பத்திரிகை கொடுத்தாயிற்று. மண்டபம் பேசியாயிற்று. தாத்தா பட்டு வேட்டி வாங்கி, மடிப்புக் கலையாமல் அலமாரியில் வைத்து, தினமும் ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆயா வரமாட்டேன் என்றால் அவரிடம் என்ன சொல்வது? இரண்டு நாள் கெஞ்சியும் ஆயா அசையவில்லை. கடைசியில், சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம் என்றேன். ரத்த அழுத்தம் பார்க்கப் போவதாகத் தாத்தாவிடம் சொல்லிவிட்டு ஆயாவைப் பங்கு அலுவலகத்துக்கு அழைத்துப்போனேன். அந்தப் பொய்க்கும் சேர்த்து அன்றே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

எங்கள் பங்குத் தந்தை வயதில் இளையவர். ஆயா சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு அந்த ஏட்டு நகலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஆயா, இந்த ரேகை யாருது?"

"என்னுதுதான்."

"யாராவது கையப் புடிச்சி வச்சாங்களா?"

"இல்ல சாமி, நானாதான் வச்சேன்."

"கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி, ரெண்டு பேரையும் வலது கையக் கோத்துக்கச் சொல்லியிருப்பாரே. கையக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன். அவரு கை ஜில்லுன்னு இருந்திச்சி. கெட்டியாப் புடிச்சிக்கினேன்."

"மனசுல வேணாம்னு இருந்திச்சா?"

ஆயாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "அவரு பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே நான் முடிவு பண்ணிட்டேன் சாமி. கால மறச்சிக்கினு ஒக்காந்திருந்தாரு. எனக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சி."

சாமியார் சிரித்துவிட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். திருமணத்தில் சம்மதம் மனத்தில் இருக்க வேண்டும், வெளியே தெரிய வேண்டும். வாயால் சொல்வதுதான் முறை. வாய் திறக்க முடியாதபோது அதற்கு ஈடான அடையாளத்தையும் திருச்சபைச் சட்டம் ஏற்கும். கையைக் கொடுத்தீர்கள், தாலிக்குக் கழுத்தை நீட்டினீர்கள், ரேகை வைத்தீர்கள், அறுபது வருடம் வாழ்ந்தீர்கள். சந்தேகம் என்று வந்தாலும் சட்டம் திருமணத்தின் பக்கம்தான் நிற்கும். நீங்கள் அவருடைய மனைவிதான், அதில் எள்ளளவும் ஐயம் வேண்டாம் என்றார்.

ஆயா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். அழுது முடித்துவிட்டு ஒன்று கேட்டார்.

"அப்போ அன்னிக்கு அந்தச் சாமியாரு கேட்ட கேள்விய, இந்த வாட்டி நீங்க கேளுங்க சாமி. நான் சொல்லிடறேன்."

"அத மட்டும் நான் கேக்கக் கூடாது ஆயா. கேட்டா, அன்னிக்கு நடந்தது கல்யாணம் இல்லன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். இந்தச் சடங்குல கேள்வியே கெடையாது. குடுத்த சம்மதம் குடுத்ததுதான். நீங்க ஆண்டவருக்கு நன்றி மட்டும் சொல்லுவீங்க."

நாங்கள் புதுப்பித்தல் என்று சொல்வது மறுபடியும் ஒரு கல்யாணம் அல்ல என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மறையுரை முடிந்ததும் தம்பதியர் பீடத்தின் முன் வந்து நிற்பார்கள். 'ஆண்டவரே, போற்றி! உமது கருணையால் இவரை என் கணவராக ஏற்றுக்கொண்டேன்' என்ற பொருளில் ஒருவர் பின் ஒருவராகப் பெயரைச் சொல்லிப் புகழ வேண்டும். பிறகு இருவரும் சேர்ந்து, இன்பத்திலும் துன்பத்திலும் உடன் நின்றதற்கு நன்றி கூறி, இனியும் பிரமாணிக்கமாக, ஒருவருக்கொருவர் உண்மையாக இருக்க அருள் கேட்பார்கள். அதன்பின் அவர்களுடைய மோதிரத்தையும், எங்கள் வழக்கப்படி தாலியையும் குருவானவர் மந்திரிப்பார். தாலியைக் கழற்றிக் கட்டுவதில்லை, கழுத்தில் இருக்கிறபடியே ஆசீர்வாதம். பரலோக மந்திரம் என்ற செபத்துக்குப் பிறகு இருவரும் முழந்தாளிட, தம்பதியர் ஆசி வழங்கப்படும்.

"பேரச் சொல்லணுமா?" என்று ஆயா அதிர்ந்தார். தாத்தாவின் பெயரை ஆயா இதுவரை சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னையோ அம்மாவையோ கையைக் காட்டுவார்.

"ஒரு வாட்டி. ஆண்டவர்கிட்டதானே சொல்றீங்க" என்றார் சாமியார்.

ஆயா கோயிலுக்கு வருவதற்கு ஒப்புக்கொண்டார். எனக்கு அது போதும் என்றிருந்தது. ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம், "அன்னிக்கு மாதிரியே நாக்கு ஒட்டிக்கினா இன்னாடி பண்றது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அச்சகத்துக்குப் போய் என் பக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பக்கம் இல்லாமல் மலர் வேண்டாம் என்று அம்மா நிறுத்தி வைத்துவிட்டார்.

விழா நாளன்று ஏழு பேரும் ஷிஃப்ட் மாற்றி, ஞாயிறு ஓ.டி.யை விட்டு, ஒருவழியாக வந்து சேர்ந்தோம். எட்டரை மணிப் பூசை. தாத்தா பட்டு வேட்டியில், சாய்ந்த நடையில், ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு பவனியில் பீடம்வரை நடந்தார். மறையுரை முடிந்து இருவரும் முன்னால் போய் நின்றார்கள். தோழியின் இடத்தில், ஆயாவுக்குப் பின்னால், நான் நின்றேன்.

தாத்தா தாளைப் பார்த்து, நடுங்காமல், ஆயாவின் பெயரைச் சொல்லி வாசித்து முடித்தார். சாமியார் மைக்கை ஆயாவிடம் நீட்டினார்.

ஆயா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

மறுபடி முயன்றார். உதடு மட்டும் அசைந்தது. கோயிலில் ஒரு சலசலப்பு. பெயர் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று எல்லோரும் நினைத்துச் சிரித்தார்கள். முன் வரிசையில் இருந்த சித்தி தாத்தாவின் பெயரை முணுமுணுத்தார். அம்மா கொஞ்சம் உரக்கவே எடுத்துக் கொடுத்தார். எனக்கு மட்டும் உண்மை தெரியும். எனக்கு அந்த வாக்கியம் மனப்பாடம். குனிந்து சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். என் வாய் திறந்தேவிட்டது. அறுபது வருடத்துக்கு முன் பெரியாயா ஏன் சொன்னார் என்று அந்த நொடியில் எனக்குப் புரிந்தது.

அப்போது தாத்தா திரும்பி, என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"யாரும் சொல்லாதீங்க. அவளே சொல்லட்டும்."

கோயில் அடங்கிவிட்டது. தாத்தா ஆயாவின் பக்கம் திரும்பினார். மைக் பக்கத்தில் இருந்ததால் மெதுவாகச் சொன்னதும் எல்லோருக்கும் கேட்டது.

"அறுவது வருசம் காத்துகினு கீறேன். இன்னும் செத்த நேரம் இருக்க மாட்டேனா? நிதானமா சொல்லு. வாயத் தொறந்து சொல்லு."

ஆயா அவரையே பார்த்தார். பிறகு, எங்கள் வாழ்நாளில் முதல்முறையாக, தாத்தாவின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை, ஆயா சொன்ன ஒரு தடவை போதும். ஆண்டவருக்குப் போற்றி சொல்லி, அவரைத் தம் கணவராக ஏற்றுக்கொண்டதாகச் சொன்னார். தாளில் இருந்தது அதோடு முடிந்தது. ஆயா முடிக்கவில்லை. கடைக் குரலில், மைக்கே தேவைப்படாத குரலில், "சம்மதம் சாமி. அன்னிக்கும் சம்மதந்தான்" என்றார்.

சாமியார் குனிந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். என்ன ஏது என்று தெரியாமலேயே கோயில் முழுக்கக் கை தட்டியது. இட்லிக் கடைப் பையன் ஒருவர் விசிலே அடித்துவிட்டார். பூசைக்குப் பின் அவர் மன்னிப்புக் கேட்டதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மண்டபத்தில் பிரியாணிப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது மணமக்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். ஆயாதான் தாத்தாவிடம் ஆரம்பித்தார்.

"ஒனக்கு எப்போ தெரியும்?"

"கண்ணாலத்தன்னிக்கே தெரியும். கோயில்ல கேட்டப்போ அதான் ஒங்கொரலுன்னு நெனச்சேன். அதுக்கு முன்ன ஒங்கொரல நான் எங்க கேட்டேன்? மாட்டு வண்டில வரும்போது 'தண்ணி வேணும்'னு கேட்ட பாரு, அப்போ தெரிஞ்சி போச்சி. கோயில்ல சொன்னது நீ இல்லன்னு."

"தெரிஞ்சிமா அறுவது வருசம் கேக்கல?"

தாத்தா இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எப்டிக் கேப்பேன்? கால் இப்டி, கையில காசு இல்ல. புடிக்காமத்தான் வாயத் தொறக்கலன்னு நெனச்சேன். கேட்டு, நீ 'வேணாம்'னு சொல்லிட்டின்னா?"

ஆயா தாத்தாவின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "கேன! வேணாம்னுதான் இத்தினி வருசம் ஒனக்கு வடிச்சிக் கொட்னேனா?" என்றார். சொல்லிவிட்டு அவருடைய கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். அம்மா எழுந்து கை கழுவப் போவதுபோல் போய்விட்டார். ஆட்டுக்கும் சட்டைக்கும் நிலத்துக்கும் 'வாயத் தொறந்து சொல்லு' என்று தாத்தா நின்றது ஏன் என்று எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அவருக்குக் கேட்க வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்கத் துணிவில்லாமல் மற்ற எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. ஆயாவின் பேச்சைப் பொறுமையோடு கேட்ட பங்குத் தந்தைக்கு, பழைய ஏட்டைக் கரையானுக்குக் கொடுக்காமல் காத்த தாய்ப்பங்கினருக்கு, பூ அலங்காரம் செய்த மரியாயின் சேனைப் பெண்களுக்கு, பாடகர் குழுவுக்கு, எங்களுக்காகத் தங்கள் விடுமுறையை விட்டுக்கொடுத்து ஷிஃப்ட் மாற்றிக்கொண்ட நண்பர்களுக்கு, மூன்று வாரம் எங்களைத் திட்டாத அச்சகத்தாருக்கு எங்கள் நன்றி. தங்கைக்கு மானம் போய்விடக் கூடாது என்று பதறி ஒரு வார்த்தை இரவல் கொடுத்த பெரியாயாவின் ஆன்மா இறைவனில் இளைப்பாறட்டும். ஆயா இனி அதை உங்களுக்குத் திருப்பித் தர வேண்டியதில்லை, பெரியாயா. தமக்கானதைத் தாமே சொல்லிவிட்டார்.

தாத்தா, ஆயா, முன்பு எழுதிய வாழ்த்துச் செய்தியில் மற்றதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டோம். ஆயா எடுக்கச் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும், முதலில் இருந்த 'அன்று' என்ற சொல்லை எடுத்துவிட்டு, நேற்று ஆயாவிடம் மறுபடி படித்துக் காட்டி, 'போடு' என்று வாயால் சொல்ல வைத்து, அச்சுக்குக் கொடுக்கிறோம்.

பீடத்தின் முன் நின்று நீங்கள் இருவரும் வாய்திறந்து சொன்ன வாக்குதான், இன்று எங்கள் குடும்பமாக நிற்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பேரப்பிள்ளைகள் எழுவர்